வெறும் வயிற்றோடு கேட்ட கேள்வி

இன்றைக்குச் சந்தித்தது பல் செய்கிற ஒருவரை! டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் மாட்டிவிடுகிறாரே பல்செட், அதை எங்கோ ஒரு மாடி அறையில் உட்கார்ந்து செய்கிறவர். எங்கள் வீட்டுப் பெரியவரின் உடைந்த பல்செட் ஒன்றை ஒட்டிக் கொடுக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து வேறு வேலையில் கை ஓடவில்லை, அதனால் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டியதுதான்.

வேலை செய்கிற இடத்தில் அவருக்குப் பெயர் மெழுகு. முப்பத்து நான்கு வயது. பல்செட் வேலையில் மெழுகில் பல் அடுக்குவது அவர் பொறுப்பு. டாக்டரிடமிருந்து வாயின் அச்சு வரும். அதில் சுண்ணாம்பு மாவு மாதிரி ஒன்றைக் கரைத்து ஊற்றி ஈறு எடுப்பார்கள். அதன்மேல் இளஞ்சிவப்பு மெழுகை ஸ்பிரிட் விளக்கில் உருக்கி, சின்னக் கத்தியால் செதுக்கி, பல்லை ஒவ்வொன்றாக நட வேண்டும். அந்த மெழுகுப் பல்லை டாக்டர் ஆள் வாயில் வைத்துப் பார்ப்பார். மேல் உதடு தூக்கலாக இருக்கிறது, சிரித்தால் ஈறு தெரிகிறது, இப்படி ஆயிரம் குறை எழுதித் திருப்பி அனுப்புவார். மெழுகு முகம் சுளிக்காமல் மறுபடி நடுவார். டாக்டர் சரி என்ற பிறகுதான் மெழுகுக்குப் பதில் கெட்டிப் பிளாஸ்டிக் வரும், அப்புறம் மாற்ற முடியாது. "பொறுமையை இவன்கிட்ட கடன் வாங்கணும்" என்பார் பக்கத்து மேசையில் பாலிஷ் போடுகிற அண்ணன். மெஷினில் பல்லைப் பிடித்துக்கொண்டே இருபது வருடமாக ஊர் வம்பு பேசுகிறவர் அவர். முகமெல்லாம் வெள்ளைத் தூள், வாயெல்லாம் கிண்டல்.

இவ்வளவு பொறுமைசாலிக்குக் கல்யாணம் மட்டும் தகையவில்லை. ஆறு இடத்தில் தட்டிப்போனது. "பையன் என்ன பண்றார்?" "பல்லு செய்றார்." அவ்வளவுதான், எதிரில் இருப்பவர்கள் டீயை வைத்துவிடுவார்கள். ஓர் அம்மா மட்டும் நேராகவே கேட்டுவிட்டார்: "செத்தவங்க பல்லையா எடுத்து வைப்பீங்க?" இல்லை என்று விளக்கப் போய், அச்சு, ஈறு, கடி என்று அவர் சொல்லச் சொல்ல, அந்த அம்மா இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டார். அந்தப் பேச்சு அன்றோடு சரி.

ஏழாவது இடம்தான் இந்தப் பெண். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. இருபத்தேழு வயது. அக்கா புருஷன், அத்தானுக்குத் தெரிந்த தரகர் கொண்டுவந்த சம்பந்தம். போய்ப் பார்த்தபோது அந்தப் பெண் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து, "பல்லு கலர் எப்படி ஒரே மாதிரி கொண்டு வருவீங்க?" என்று கேட்டாள். கலர் அட்டை ஒன்று இருக்கும், பதினாறு நிறம், வெள்ளை என்பது ஒரே வெள்ளை இல்லை என்று இவர் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் நடந்தது. அதை வைத்து இவர் ஒரு வாரம் தூங்கவில்லை. முதல்முறையாக ஒருத்தி வாயை மூடிக்கொள்ளாமல் கேள்வி கேட்டிருக்கிறாள்!

இரண்டு நாளில் சம்மதம் என்று தகவல் வந்தது. ஐந்து மாதம் தள்ளித் தேதி. மண்டபம் பேசியாயிற்று.

அந்த முதல் மாதத்தின் சுகத்தை அவர் சொல்லும்போது கையிலிருந்த கத்தியையே மறந்துவிட்டார். அம்மா ராத்திரி மாத்திரை இல்லாமல் தூங்கினார். அக்கா தினமும் போன் போட்டு, "டேய், உன் பொண்டாட்டிக்கு என்ன கலர் புடிக்கும்னு கேட்டியா?" என்று உயிரை எடுத்தாள். பெண்ணின் அப்பா காலை ஏழு மணிக்குத் தவறாமல் கூப்பிடுவார். "மாப்ள, எழுந்தாச்சா?" இவருக்கு அப்பா தவறிப் பத்து வருடம். எழுந்தாயா என்று கேட்க ஓர் ஆண் குரல்! அதற்காகவே சீக்கிரம் எழுந்து, எழாத மாதிரி குரலை வைத்துக்கொண்டு பேசினாராம். கல்யாணம் முடிந்து குடிபோக ஒரு வாடகை வீடும் பார்த்தாயிற்று. இரண்டு அறை, ஒரு சமையலறை, தெருப் பக்கம் ஒரு ஜன்னல். வேலை முடிந்ததும் அங்கே போய், காலி வீட்டின் நடுவில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருப்பார். இந்த மூலையில் அவள் செருப்பு. அந்த ஆணியில் அவள் பை. வீடு அவளால் நிரம்பிக்கொண்டே வந்தது, அவள் ஒருமுறைகூட வராமலேயே.

சந்தேகம் வந்தது அந்த வீட்டால்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போன் பேசலாம் என்று பெரியவர்கள் ஏற்பாடு. ஐந்து அடித்ததும் இவர் கூப்பிடுவார். அவள் எடுப்பாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ம். நீங்க?"

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. பின்னால் ஓர் அம்மா குரல் கிசுகிசுக்கும்: "வீட்டைப் பத்திக் கேளுடி." உடனே இவள், "வீடு எப்படி இருக்கு?" இவருக்குச் சிரிப்பு வரும். வெட்கம் என்று நினைத்துக்கொள்வார். வீட்டை ஏழு படம் எடுத்து அனுப்பினார். அனுப்பிய அதே நிமிடத்தில் பதில்: நல்லா இருக்கு. சமையலறையில் மேடையை உயர்த்தவா என்று கேட்டால், உங்க இஷ்டம். அலமாரி எந்தப் பக்கம் என்றால், உங்களுக்கு எது வசதியோ.

"எவ்வளவு அடக்கமான பொண்ணு" என்று அம்மா பூரித்துப்போனார். இவரும்தான். ஆனால் அக்கா கல்யாணம் இவருக்கு ஞாபகம் இருந்தது. நிச்சயம் ஆன மறுநாளே அத்தானைப் போனில் குடைந்து எடுத்தவள் அவள். அடுப்பங்கரையில் வெளிச்சம் வருமா? துணி காயப்போட இடம் எங்கே? பிளக் பாயிண்ட் எத்தனை? பாத்ரூம் கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா? அத்தான் பயந்தே போய்விட்டார், பெண்ணா வீட்டு இன்ஸ்பெக்டரா என்று. குடியிருக்கப் போகிறவள் அப்படித்தான் கேட்பாள். ஏழு படத்தையும் விரித்துப் பார்க்கக்கூட நேரம் எடுக்காமல் நல்லா இருக்கு என்று எழுதுகிறவள், அதில் குடியிருக்கப் போகிறவளா?

இந்த நினைப்பு வந்ததும் இவர் அதைத் தட்டிவிட்டார். வந்த சீதேவியைக் காலால் உதைக்கிற கதை வேண்டாமடா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆறு இடத்தில் அடிபட்டவருக்கு ஏழாவதை நோண்டிப் பார்க்க மனசு வருமா?

மூன்றாவது மாதம் ஒரு புதன்கிழமை, முதல் தடவையாக அவளாகவே ஒரு மெசேஜ். ஞாயிறு இல்லை, ஐந்து மணி இல்லை, பின்னால் யார் குரலும் இல்லை.

அந்த வீட்ல இருந்து பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம்?

மெழுகு கையிலிருந்த ஸ்பிரிட் விளக்கை அணைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். கேட்டுவிட்டாள்! வீட்டைப் பற்றிக் கேட்டுவிட்டாள்! சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராக அந்த வீட்டு வாசலுக்குப் போய், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார். பெரிய தெரு வழியாகப் பதினாறு நிமிடம். சந்து வழியாகப் பதினொன்று. பெண்ணின் நடை கொஞ்சம் மெதுவாக இருக்கும் என்று மறுபடி மெதுவாக நடந்து பார்த்து, பதினாலு என்று எழுதினார். வெயில் நேரத்தில் எந்தப் பக்கம் நிழல் என்பதையும் சேர்த்து எழுதினார்.

பதில் வந்தது: அதிகாலைல பஸ் உண்டா? தூரத்து பஸ்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கே போய் நேரப் பலகையைப் பார்த்து முழுவதும் எழுதி அனுப்பினார். நாலு பத்து, நாலு ஐம்பது, ஐந்தரை. அதற்கு அவள் போட்டது, ரொம்ப நன்றி. அதற்கு முன்னால் எதற்குமே அவள் நன்றி சொன்னதில்லை. அன்று பூராவும் அவர் விசிலடித்துக்கொண்டே பல் நட்டார். பாலிஷ் அண்ணன் மெஷினை நிறுத்தினார்.

"டேய் மெழுகு, என்னடா, மூஞ்சில ட்யூப் லைட் எரியுது?"

சொன்னார். முழுவதையும், நிழல் உட்பட. அண்ணன் சிரிக்கவில்லை. முகத்திலிருந்த தூளைத் துடைத்தார்.

"தப்பா எடுத்துக்காத. வரப்போற பொண்ணு தண்ணி எத்தனை மணிக்கு வரும்னு கேக்கும். பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும்னு கேட்டா, அது போற பொண்ணுடா."

"சும்மா இருங்கண்ணே."

"நான் சும்மாத்தான் இருக்கேன். உன் மனசுதான் ரெண்டு மாசமா சும்மா இல்லாம இருக்கு. மெழுகா இருக்கும்போதே கேட்டுரு. அப்புறம் இறுகிடும்."

"மனுஷங்க என்ன பல்செட்டா?"

"பல்செட்டுக்கே வாயில வச்சுக் கேக்குறோம்ல, வலிக்குதான்னு?"

இவர் கத்தியைத் துடைத்து மேசைமேல் வைத்தார்.

கேட்பது என்றால் எப்படிக் கேட்பது? முதலில் ஊர் வழக்கப்படிதான் போனார். அத்தானிடம், "பொண்ணுக்கு உண்மையிலேயே விருப்பம்தானான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கத்தான்" என்றார்.

"என்ன மச்சான், கல்யாணக் காய்ச்சலா? எல்லாருக்கும் வர்றதுதான். எனக்கு மண்டப வாசல் வரைக்கும் இருந்துச்சு. உங்க அக்காகிட்ட சொல்லிடாத."

ஆனாலும் அத்தான் தரகரிடம் கேட்டார். தரகர் பெண்ணின் அப்பாவிடம் கேட்டார். அப்பா கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது மகளைக் கூப்பிட்டு, "உனக்குச் சம்மதம்தானம்மா?" என்றார். அவள் "ம்" என்றாள். அந்த ஓர் எழுத்து அப்பா வாயில் "சம்மதம்" ஆனது. தரகர் வாயில் "பரிபூரண சம்மதம்" ஆனது. அத்தான் வாய் வழியாக இவர் காதுக்கு வந்து சேர்ந்தபோது, "பொண்ணு ஒரே சந்தோஷமாம் மச்சான். நாள் எண்ணிக்கிட்டு இருக்காம். கனவு வேற காணுதாம்!"

நான்கு வாய் தாண்டி வந்த பதிலை எதில் சேர்ப்பது? ஞாயிறு போனில் கேட்டால் பின்னால் அம்மா இருக்கிறார். மெசேஜில் கேட்டு, யாராவது படித்துவிட்டால் மாட்டிக்கொள்வது அவள். தனியாக வெளியே சந்திக்கக் கூப்பிட்டால் அதற்கும் அப்பாவிடம் அனுமதி, கூடத் துணைக்கு ஒரு சித்தி. எந்தக் கதவைத் தட்டினாலும் அவள் குடும்பம்தான் திறக்கிறது.

இன்னொன்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. கேட்காமல் விட்டுவிட்டால் இன்னும் எட்டு வாரத்தில் அவள் அந்த வீட்டுக்கு வந்துவிடுவாள். செருப்பு அந்த மூலையில் இருக்கும். பை அந்த ஆணியில் இருக்கும். அவருக்கு வேண்டியது அத்தனையும் கிடைத்துவிடும். கேட்டால்தான் போய்விடும். வாயைத் திறக்காமல் இருப்பதைத் தவிர அவர் வேறெதுவும் செய்யத் தேவையில்லை. இப்படிச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, அவள் வேலை செய்கிற பரிசோதனை நிலையத்துக்குப் போய் டோக்கன் வாங்கினார்.

டோக்கன் பத்தொன்பது. வெறும் வயிற்று சர்க்கரை. வேறென்ன டெஸ்ட் சொல்வது என்று கவுண்டரில் தெரியவில்லை, முன்னால் நின்ற பெரியவர் சொன்னதையே இவரும் சொன்னார். வரிசை நாற்காலி முழுக்கக் கொட்டாவி விடுகிற மனிதர்கள். ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"கையை நீட்டுங்க. விரலை மடக்குங்க. ரெடியா? குத்தட்டுமா?"

ஒவ்வொருவரிடமும் கேட்டாள். ஆம் என்று அவர்கள் சொல்லும்வரை காத்திருந்தாள். ஒரு பாட்டையா, "இரும்மா, இரும்மா, மூச்சு விட்டுக்கிறேன்" என்றார். "மெதுவா விடுங்க தாத்தா, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். பதினெட்டு பேருக்கும் அப்படித்தான். இந்தக் குரலை ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கேட்டதே இல்லை. இவ்வளவு தெளிவான, சொந்தமான குரல் இவளுக்கு இருக்கிறதா! அங்கே உட்கார்ந்துதான் அவருக்கு அவள்மேல் உண்மையாகவே ஆசை வந்ததாம். போயும் போயும் அன்றைக்கு.

"பத்தொன்பது."

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். அவள் கையில் ஊசி. முகத்தில் ரத்தமே இல்லை.

"நீங்களா? என்னாச்சு? உடம்புக்கா?"

"இல்ல. சும்மா... சர்க்கரை டெஸ்ட்." நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். "வேற எங்கயும் உங்ககிட்டத் தனியாப் பேச முடியல. ரெண்டு நிமிஷம்தான்."

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு பழக்கத்தில் ரப்பர் பட்டையை எடுத்து அவர் கையில் கட்டினாள்.

"என்கூட கல்யாணம் உங்களுக்கு வேணுமா வேண்டாமான்னு கேக்கத்தான் வந்தேன்" என்றார் மெழுகு. "வேண்டாம்னாலும் பரவாயில்ல. நீங்க சொன்னதா வெளியில தெரியாது. என் பக்கத்துலேர்ந்து நிறுத்துனதாத்தான் இருக்கும். பழி எம்மேல."

அவள் பஞ்சால் முழங்கை மடிப்பைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வெரலை மடக்குங்க" என்றாள். அவர் மடக்கினார். "ரெடியா?"

"ம்."

"குத்தட்டுமா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லல."

"ஊசிய கையில வச்சுக்கிட்டு எப்படிங்க சொல்றது?" என்றாள் அவள். கண்ணில் நீர் நின்றது, ஆனாலும் நரம்பை ஒரே குத்தில் பிடித்துவிட்டாள். சாம்பல் மூடிக் குழாயில் ரத்தம் ஏறியது. பட்டையை அவிழ்த்தாள். பஞ்சை வைத்தாள். "அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. கைய மடக்காதீங்க. ரிப்போர்ட் நாலு மணிக்கு." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள். "நீங்களே வந்து வாங்குங்க. எனக்கு டியூட்டி நாலு மணிக்கு முடியும்."

நாலு மணிக்குக் கட்டடத்தின் பக்கவாட்டில், மோட்டார் சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் நின்று பேசினார்கள். இருபது நிமிடம். அதற்குமுன் மூன்று மாதத்திலும் சேர்த்து அவர்கள் அவ்வளவு பேசியதில்லை.

பையிலிருந்து நான்காய் மடித்த ஒரு கடிதத்தை அவள் எடுத்தாள். ரத்த வங்கி வேலைக்கான இரண்டு வருடப் படிப்பு, தூரத்து நகரத்தில். மூன்று வருடமாக விண்ணப்பம் எழுதி எழுதி, இந்தத் தடவை இடம் கிடைத்திருக்கிறது. கல்யாணம் பேசி முடித்த எட்டாவது நாள் கடிதம் வந்ததாம். அப்பாவிடம் காட்டினாள். "இனிமே அதெல்லாம் மாப்பிள்ளை இஷ்டம்மா" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். அப்பாவுக்கு இரண்டு முறை நெஞ்சுவலி வந்திருக்கிறது. மகள் கல்யாணத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்கிறார். எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

"உங்க வீட்லேர்ந்து வாராவாரம் போய்ட்டு வர முடியுமான்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன்" என்றாள். "அதான் பஸ்ஸு."

மெழுகுக்கு உயிர் திரும்பி வந்தது. "அவ்வளவுதானா? இதுக்கா? கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போங்க! நாலு பத்து பஸ்ஸுக்கு நானே கொண்டுவந்து விடுறேன். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். சத்தியமா!"

அவள் அவரையே பார்த்தாள்.

"நீங்க விடுவீங்க. தெரியும். அதான் எனக்குப் பயமே."

"புரியல."

"வேற யாரும் விடாததை நீங்க விட்டீங்கன்னு காலம் பூரா நான் நன்றியோட இருக்கணும். பஸ் ஏறும்போது ஒரு நன்றி, எறங்கும்போது ஒரு நன்றி. எங்க வீட்ல எல்லாரும் சொல்றாங்க, நல்ல மாப்பிள்ளை, நல்ல மாப்பிள்ளைன்னு. சொல்லிச் சொல்லியே எனக்கு யோசிக்க எடமில்லாமப் பண்ணிட்டாங்க. உங்களைப் புடிக்கலன்னு இல்ல. புடிச்சிருக்கான்னு பாக்குறதுக்கே ஒரு பொழுது கெடைக்கல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க கொஞ்சம் கெட்டவரா இருந்திருந்தா ஈஸியா இருந்திருக்கும்."

"இப்ப ஆக முடியுமான்னு பாக்குறேன்" என்றார் மெழுகு. அவள் சிரித்துவிட்டாள். அழுதுகொண்டேதான். அவர் அந்தச் சிரிப்பை எனக்குக் கையால் காட்டினார், மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு பல் லேசாகத் திரும்பியிருக்குமாம். அதைச் சரிசெய்யச் சொல்லி யாராவது அனுப்பினால் சத்தியமாகச் செய்ய மாட்டேன் என்றார்.

கல்யாணத்தை நிறுத்துவது என்று அங்கேயே முடிவானது. ஆனால் பெண் பக்கம் நிறுத்தினால் திமிர் என்பார்கள். மாப்பிள்ளை பக்கம் நிறுத்தினால், பெண்ணிடம் என்ன குறையோ என்பார்கள். இரண்டு வழியிலும் அடி அவளுக்கே. ஆகவே மாப்பிள்ளையிடம் ஒரு குறை இருந்தாக வேண்டும், அது வெளியே தெரிந்தாக வேண்டும். யோசித்துக்கொண்டே ரிப்போர்ட்டைப் பிரித்தார். வெறும் வயிற்றில் நூற்றுப் பன்னிரண்டு. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கொஞ்சம் கூடுதல், கவனமாக இருக்க வேண்டும் என்று அர்த்தம். உலகத்திலேயே சர்க்கரை கூடியதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் இவராகத்தான் இருப்பார்!

அந்த வாரமே பெண்ணின் அப்பா வீட்டுக்குப் போய், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, ரிப்போர்ட்டை மேசைமேல் வைத்தார்.

"உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு வந்தேன் மாமா. எனக்குச் சர்க்கரை வர்ற மாதிரி இருக்கு. நீங்க நல்லா யோசிச்சு ஒரு முடிவு..."

அவர் கண்ணாடியை மாட்டிப் படித்தார். பிறகு வீடே அதிரச் சிரித்தார். "அடியே, இங்க வா! நம்ம மாப்ளைக்கு நூத்திப் பன்னெண்டாம், அதைச் சொல்ல பஸ் ஏறி வந்திருக்காரு! எனக்கு முந்நூறு மாப்ள! இந்த வீட்ல பூனைக்குக்கூட சர்க்கரை இருக்கு!" என்று தோளில் தட்டினார். "இவ்வளவு நேர்மையான பையனை எங்க போய்த் தேடுவேன்?"

உள்ளே கதவோரம் அவள் நின்றிருந்தாள். அவள் முகத்தில் இருந்ததைப் பார்த்த பிறகு இவருக்கு நடிப்பு வரவில்லை.

"மாமா, சர்க்கரை இல்ல. கல்யாணம் வேண்டாம். பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் மனசு இன்னும் தயாராகல. ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்ல தைரியம் இல்ல. தப்பு முழுக்க எம்மேல. நாலு பேருக்கு நடுவுல இதையே எத்தனை தடவை வேணும்னாலும் சொல்றேன்."

சிரிப்பு நின்றது. அப்புறம் அந்தப் பெரியவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"காலைல ஏழு மணிக்கு என்கிட்டப் பேசும்போதெல்லாம் மனசுல இதுதான் இருந்துச்சா?"

வசவு வந்தது, பெண்ணின் அம்மாவிடமிருந்து நிறைய. பொம்பளைப் பிள்ளை வாழ்க்கையோட விளையாடிட்டியேடா, உருப்படுவியா நீ. அதெல்லாம் இப்போது ஞாபகம் இல்லையாம். அந்த ஏழு மணிக் கேள்வி மட்டும் போகவில்லை. இல்லை மாமா, அந்தக் குரலுக்காகத்தான் நான் எழுந்ததே என்று அன்றைக்கு அவரால் சொல்ல முடியவில்லை. சொன்னால் மற்றதெல்லாம் அவிழ்ந்துவிடும்.

அம்மா இரண்டு மாதம் இவரோடு பேசவில்லை. தட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டுச் சுவரிடம் பேசினார்: "இவனுக்கு ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் மனசு தயாராகலையாம். எப்ப தயாராகும்னு சுவரே, நீயாவது கேட்டுச் சொல்லு." அக்கா அழுதாள். அத்தான் தரகர் முன்னால் தலைகுனிந்தார். நல்லவர் என்ற பட்டம் போயேபோயிற்று. ஊரில் இவருக்கு இப்போது இருக்கும் பெயர், கடைசி நேரத்தில் காலை வாரினவன். வாடகை வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று, வீட்டைக் கூட்டிவிட்டு வந்தாராம். தூசிகூட இல்லாத வீடு.

அவள் படிக்கப் போய்விட்டாள். மகளுக்கு இப்படி ஆகிவிட்டதே, கொஞ்ச நாள் ஊர் வாயில் விழாமல் தூரத்தில் இருக்கட்டும் என்று அப்பாவே கொண்டுபோய் விட்டாராம். கிளம்பும் முன் அவளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. அதில் என்ன இருந்தது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. கேட்டதற்கு ஸ்பிரிட் விளக்கின் திரியை ஏற்றினார், இறக்கினார்.

ஒன்றரை வருடம் ஆயிற்று. இடையில் வந்த இரண்டு சம்பந்தத்திலும், பெண்ணோடு தனியாக அரை மணி நேரம் பேச வேண்டும் என்று இவர் முதலிலேயே சொன்னார். இரண்டு வீட்டுக்காரர்களும் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். "இவன் போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம், விசாரிக்கிறதுன்னா அவ்வளவு ஆசை" என்று பாலிஷ் அண்ணன் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

அவளுக்குப் படிப்பு முடிய இன்னும் சில மாதம்தான். அப்படியானால் காத்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

ஒட்டி முடித்த பல்செட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒட்டின இடம் தெரிகிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார் மெழுகு.

"காத்திருக்கேன்னு சொன்னா, அவங்களுக்கு அது போய்ச் சேரும். மறுபடி ஒரு பாரம். அதனால யார்கிட்டயும் சொல்றதில்ல" என்றார். அப்புறம் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். "ரெண்டு நாளைக்குக் கெட்டியா எதுவும் கடிக்க வேணாம்னு சொல்லுங்க."

யாரென்று தெரியாதபடி எழுதச் சம்மதித்தார். ஆகவே தயவுசெய்து அந்தப் பெண் யாரென்று தேடாதீர்கள். ஆனால் இதைப் பகிருங்கள், யார் வீட்டிலெல்லாம் இப்போது மண்டபம் பேசி, தேதி குறித்து, கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ அங்கெல்லாம் அனுப்புங்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு முதலில் அனுப்புங்கள்.